பாராசிட்டமாலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஒரு டம்ளர் தண்ணீரில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுக் கவனித்தால் போதும். முதலில் அதன் ஓரம் லேசாக உப்பும். பிறகு விரிசல் விடும். சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் குவியும். கரண்டியால் கலக்கிவிட்டால் மருந்து கரைந்துவிடும். ஆனாலும் தண்ணீர் தெளியாது. அந்தக் கலங்கலுக்குக் காரணம் மருந்தல்ல, மருந்தோடு சேர்த்து அழுத்தப்பட்ட மாவுச்சத்தும் டால்க்கும்தான்.

டி.பார்ம் முதலாண்டு மாணவர்கள் பார்மசூட்டிக்ஸ் தாளுக்குப் படிக்கும்போது மருந்து வடிவங்கள், மாத்திரையின் துணைப்பொருள்கள், மருந்தின் நிலைத்தன்மை, கிருமி நீக்கிய தயாரிப்புகள் ஆகிய நான்கையும் நான்கு தனிப் பாடங்களாகத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியல் நீள நீள ஒன்று மற்றொன்றோடு குழம்பிப்போகிறது. பாராசிட்டமால் என்ற ஒரே மருந்தை எடுத்துக்கொண்டு, அது தண்ணீரைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்று தொடர்ந்துபோனால் நான்கு பாடங்களும் ஒரே இழையில் வந்துவிடும்.

14 மில்லிகிராம் என்ற எல்லை

அறை வெப்பநிலையில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் சுமார் 14 மில்லிகிராம் பாராசிட்டமாலைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். இந்த ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடை அலமாரியைப் பார்த்தால், அங்கே ஒவ்வொரு வடிவமும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 24 மில்லிகிராம். தண்ணீர் மட்டும் இதைத் தாங்காது. இப்போது தயாரிப்பாளர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கரையாத தூளை நுண்ணிய துகளாக அரைத்து, சாந்தன் பிசின் போன்ற தாங்குபொருள் சேர்த்துத் திரவத்தில் மிதக்கவிடுவது. இதுதான் சஸ்பென்ஷன். ‘நன்கு குலுக்கிய பின் பயன்படுத்தவும்’ என்று லேபிளில் அச்சிடுவது சம்பிரதாயத்துக்காக அல்ல. குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் முதல் பாதியைக் குடிக்கும் நாள்களில் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்காது. கடைசிப் பாதியில் மருந்து அளவுக்கு மீறிப் போகும். குலுக்கியும் கலையாமல் அடியில் கட்டிதட்டிப்போன சஸ்பென்ஷனை நோயாளியிடம் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது வழி, தண்ணீரோடு புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற துணைக் கரைப்பான்களைச் சேர்த்து மருந்தை முழுமையாகக் கரைப்பது. தெளிந்த சிரப்புகள் இப்படித்தான் உருவாகின்றன. மருந்துத் துறையின் மிகக் கொடிய விபத்துகளில் சில இந்த வழியில்தான் நேர்ந்திருக்கின்றன. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்க நினைத்தவர்கள், அது தண்ணீரில் சரியாகக் கரையாததால் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார்கள். அது இனிப்பானது, ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்தை விற்கும் முன்பே அதன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1938இல் வந்ததற்கு இதுவே காரணம். 1990களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் அதே நஞ்சு கலந்த பாராசிட்டமால் திரவத்தைக் குடித்த ஏராளமான குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பாராசிட்டமாலும் சேர்ந்திருந்த அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை கண்டுபிடித்தது.

புரோப்பிலீன் கிளைக்காலும் இந்த நஞ்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் நிறமற்ற, பிசுபிசுப்பான திரவங்கள். முகர்ந்தோ தொட்டோ பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்து, கேஸ் குரோமட்டோகிராபி போன்ற சோதனையில், நஞ்சின் அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே சிரப் தயாரிப்புக்கு அனுப்ப வேண்டும். ‘துணைப்பொருள்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதற்குச் சோதனை தேவையில்லை என்று நினைத்த இடத்தில்தான் உயிர்கள் போயிருக்கின்றன.

கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். தண்ணீரின் எல்லையைப் போல ஏழு மடங்கு. கொஞ்சம் கொடுத்தாலே போதும் என்பது அதன் வசதி, ஆபத்தும் அதுதான். சிரப்பின் 5 மில்லிலிட்டர் மூடியில் தவறுதலாகச் சொட்டு மருந்தை ஊற்றினால் ஒரே வாயில் 500 மில்லிகிராம் போய்விடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே அமெரிக்காவில் 2011இல் செறிவான சொட்டு மருந்தைக் கைவிட்டு, எல்லாக் குழந்தை மருந்தையும் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவரத் தயாரிப்பாளர்கள் முன்வந்தார்கள். இங்கே மூன்று செறிவுகளும் அடுத்தடுத்த தட்டுகளில் இருக்கின்றன. அதனால் கடையில் நிற்பவர் ‘எத்தனை மில்லி’ என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பாட்டிலிலிருந்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

580 மில்லிகிராமின் கணக்கு

மாத்திரைக்கு வருவோம். 500 மில்லிகிராம் மருந்துள்ள மாத்திரையைத் தராசில் வைத்தால் அதைவிடக் கூடுதலாகவே காட்டும். வகுப்பறைப் பயிற்சிக்காக ஒரு மாத்திரையின் கலவையை இப்படி வைத்துக்கொள்ளலாம்: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், மக்காச்சோள ஸ்டார்ச் 50, பாலிவினைல் பிரோலிடோன் என்னும் பிவிபி 15, டால்க் 10, மெக்னீசியம் ஸ்டியரேட் 5. மொத்தம் 580. இதில் மருந்தைத் தவிர மற்ற நான்குக்கும் தண்ணீரோடு வெவ்வேறு உறவு உண்டு. தேர்வில் கேட்கப்படும் ‘துணைப்பொருள்களின் வகைகள்’ என்பதை இந்த உறவை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்தப் பட்டியலில் லாக்டோஸ் போன்ற நிரப்பி இல்லை. மருந்தே 500 மில்லிகிராம் இருப்பதால் பருமனைக் கூட்டத் தனிப்பொருள் தேவைப்படவில்லை. தைராய்டு மாத்திரையில் மருந்து 100 மைக்ரோகிராம்தான். அதை விரலால் எடுக்கும் அளவுக்குக் கொண்டுவர நிரப்பி இல்லாமல் முடியாது.

பாராசிட்டமால் படிகம் இயல்பிலேயே அழுத்தத்துக்கு இணங்காதது. பஞ்சிங் இயந்திரம் அழுத்தும்போது இணைவதுபோல் இருந்து, அழுத்தம் விலகியதும் பழைய நிலைக்கு விரியப் பார்க்கும். ஆகவே அதை நேரடியாக அழுத்தாமல், பாராசிட்டமாலையும் பாதி ஸ்டார்ச்சையும் கலந்து, தண்ணீரில் கரைத்த பிவிபியை ஊற்றிப் பிசைகிறார்கள். இங்கே பிவிபி பைண்டர், அதாவது பிணைப்பான். பிசைந்த ஈரமாவைச் சல்லடையில் தேய்த்துக் குருணையாக்கி, உலர்த்தி, மறுபடி சலிக்கிறார்கள். இதுதான் ஈரக் குருணை முறை.

குருணை முழுதும் காய்ந்துவிடக் கூடாது. ஓரிரு சதவீத ஈரம் தங்கியிருக்க வேண்டும். அளவுக்கு மீறி உலர்த்திவிட்டால் குருணைகள் ஒன்றையொன்று பிடிக்காது. அழுத்திய மாத்திரையின் மேல்பகுதி தொப்பி கழன்றதுபோலத் தனியே வந்துவிடும். கேப்பிங் என்ற இந்தக் கோளாறு பாராசிட்டமாலில் அடிக்கடி தலைகாட்டும். நுண்தூள் அதிகமிருந்து இடையில் காற்று சிக்கினாலும், இயந்திரத்தை வேகமாக ஓட்டினாலும் இதேதான். சில சமயம் இயந்திரத்திலிருந்து வெளிவரும்போது மாத்திரை முழுசாகத் தெரியும். ஃபிரையபிலேட்டர் டிரம்மில் போட்டுச் சுழற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். சுமார் 6.5 கிராம் எடைக்கு வரும் மாத்திரைகளை, நம் கணக்கில் 11 மாத்திரைகளை, நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிடம் சுழற்ற வேண்டும். மொத்த எடையில் 1 சதவீதத்துக்கு மேல், அதாவது 64 மில்லிகிராமுக்கு மேல், குறையக் கூடாது. ஒரு மாத்திரை உடைந்தோ தொப்பி கழன்றோ கிடந்தால், எடை இழப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் தொகுதி தேறாது.

மீதிப் பாதி ஸ்டார்ச் குருணை காய்ந்த பிறகுதான் சேர்கிறது. ஒரே பொருளை ஏன் இரண்டு முறை பிரித்துப் போட வேண்டும்? ஸ்டார்ச் இங்கே டிஸ்இன்டெக்ரன்ட், சிதைப்பான். வயிற்றில் தண்ணீர் பட்டதும் அது நீரை உறிஞ்சி மாத்திரையை உள்ளிருந்து தள்ளுகிறது. குருணைக்கு வெளியே இருக்கும் ஸ்டார்ச் மாத்திரையைக் குருணைகளாக உடைக்கிறது. குருணைக்குள் இருக்கும் ஸ்டார்ச் குருணையைத் தூளாக உடைக்கிறது. உறையில்லாத மாத்திரை 15 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும் என்று இந்தியப் பார்மகோபியா கேட்கிறது.

கடைசியாக வரும் 5 மில்லிகிராம் மெக்னீசியம் ஸ்டியரேட்தான் பட்டியலிலேயே மிகச் சிறியது. அதிகத் தொல்லை தருவதும் அதுதான். மாத்திரை அச்சின் சுவரில் ஒட்டாமல் வழுக்கிவர அது லூப்ரிகன்ட்டாக உதவுகிறது. டால்க் குருணை தடையின்றிப் பாய உதவுகிறது. ஆனால் மெக்னீசியம் ஸ்டியரேட் தண்ணீரை விலக்கும் கொழுப்புத்தன்மை உடையது. மற்றதெல்லாம் கலந்த பிறகு கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் அதைக் கலக்க வேண்டும். அரைமணி நேரம் கலக்கிவிட்டால் ஒவ்வொரு குருணையின் மேலும் மெழுகு பூசியதுபோல் படர்ந்துவிடும். குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டாததால் மாத்திரை மெத்தென்று ஆகும். தண்ணீரும் உள்ளே எளிதில் போகாது. பொருள்களின் பட்டியலும் எடையும் சரியாகவே இருக்கும், மருந்து மட்டும் மெதுவாகக் கரையும்.

சிதைவதும் கரைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உதிர்ந்து விழுந்த தூள் கரையாமல் கிடந்தால் ரத்தத்துக்கு எதுவும் போய்ச்சேராது. அதனால்தான் அமெரிக்கப் பார்மகோபியா, 30 நிமிடத்தில் 80 சதவீத மருந்தாவது கரைந்திருக்க வேண்டும் என்று பாராசிட்டமால் மாத்திரைக்குத் தனி எல்லை வைத்திருக்கிறது.

எடைச் சோதனையையும் இதே மாத்திரையில் பார்த்துவிடலாம். 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள மாத்திரைக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் 5 சதவீதம். 580இல் 5 சதவீதம் 29. இருபது மாத்திரைகளைத் தனித்தனியே நிறுத்து, சராசரி 580 என்று வந்தால், 551க்கும் 609க்கும் வெளியே இரண்டுக்கு மேல் போகக் கூடாது. எந்த மாத்திரையும் இதன் இருமடங்கான 10 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. 500ஐ வைத்து இந்தக் கணக்கைப் போடுவதுதான் தேர்வில் பலர் செய்யும் பிழை.

தண்ணீர் முன்கூட்டியே வந்தால்

வயிற்றில் எதிர்பார்க்கும் தண்ணீர் அட்டைப்பெட்டியிலேயே வந்துவிட்டால் என்ன ஆகும்? காற்றின் ஈரத்தை ஸ்டார்ச் மெல்ல உறிஞ்சும். மாத்திரை மென்மையாகும், ஓரம் உதிரும். அலுமினியத் தாளில் தனித்தனியாக அடைப்பது இந்த ஈரத்தைத் தடுக்கத்தான். கத்தரியால் வெட்டிய பட்டையில் ஒரு மாத்திரையின் அறை கிழிந்திருந்தால் அந்த மாத்திரைக்கு அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி பொருந்தாது.

வேதியியலாக நடப்பது வேறு. பாராசிட்டமால் ஓர் அமைடு. தண்ணீர் அந்த அமைடுப் பிணைப்பை உடைத்தால் பாரா-அமினோபீனாலும் அசிட்டிக் அமிலமும் கிடைக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பிரிந்த அமினோபீனால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இளஞ்சிவப்பாகவும் பிறகு பழுப்பாகவும் நிறம் மாறும். பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் புளித்த காடி வாசனை வருவதும் நீராற்பகுப்பால்தான். ஆனால் ஆஸ்பிரின் ஓர் எஸ்டர். எஸ்டர் பிணைப்பு எளிதில் உடையும், அமைடு நின்று தாங்கும்.

எவ்வளவு தாங்கும் என்பது அமில-காரத் தன்மையைப் பொறுத்தது. கரைசலின் பிஎச் 6 அருகில் இருந்தால், 25 டிகிரி செல்சியஸில் பாராசிட்டமால் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். ஆனால் மருந்தின் ஆயுளைப் பாதியாகும் வரை கணக்கிடுவதில்லை. 90 சதவீதம் மிச்சமிருக்கும் வரைதான். முதல்படி வினையில் இந்தக் காலம் அரை ஆயுளின் 0.152 மடங்கு. 20ஐ 0.152ஆல் பெருக்கினால் 3 ஆண்டுகள். பிஎச் விலகி அரை ஆயுள் 2 ஆண்டாகச் சுருங்கினால், இதே கணக்கில் அந்த சிரப் நான்கு மாதம்கூடத் தாங்காது. சிரப்பில் பஃபர் சேர்ப்பதன் பலன் இதுதான். உண்மையில் தயாரிப்பாளருக்கு இதைவிடக் கடுமையான எல்லை உண்டு: மருந்து 10 சதவீதம் குறைவதற்கு வெகு முன்பே, அமினோபீனால் என்னும் நச்சுக் கழிவின் அனுமதிக்கப்பட்ட அளவு தாண்டிவிடும்.

ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதால் 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 6 மாதம் வைத்துப் பார்ப்பதைத் துரிதச் சோதனை என்கிறார்கள். சித்திரை வெயிலில் மூடிய காரின் முன்பக்கம் வைத்த மருந்து அந்த 40 டிகிரியையும் தாண்டிவிடும்.

தண்ணீரோடு நாள்கணக்கில்கூடத் தாங்காத மருந்தும் உண்டு. அமாக்சிசிலின் சிரப்பை உலர்ந்த தூளாக விற்பது அதற்காகத்தான். கொதிக்கவைத்து ஆற்றிய நீரைக் குறியீடு வரை ஊற்றிக் குலுக்கிய நிமிடத்திலிருந்து அதன் காலக்கெடு தொடங்குகிறது. வழக்கமாக 7 நாள். மீந்ததை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்கும் வீடுகள் நிறைய உண்டு என்பதால், தூள் பாட்டிலைக் கொடுக்கும்போதே கலக்கும் தேதியை லேபிளில் எழுதச் சொல்லித்தர வேண்டும்.

ஊசி வழியே போகும் தண்ணீர்

வாயால் விழுங்க முடியாத நோயாளிக்குப் பாராசிட்டமால் நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. 100 மில்லிலிட்டர் பாட்டிலில் 1 கிராம். ஏன் 10 மில்லிலிட்டர் ஆம்பூலாகத் தரக்கூடாது? மறுபடியும் அதே 14 மில்லிகிராம்தான் காரணம். 1,000 மில்லிகிராமைக் கரைக்கக் குறைந்தது 71 மில்லிலிட்டர் தண்ணீர் வேண்டும். குளிரில் படிகம் பிரிந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் இடம் விட்டு 100 ஆக்கியிருக்கிறார்கள். இந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்ற குறிப்பும் இதிலிருந்தே வருகிறது. ரத்தத்தின் சவ்வூடு அழுத்தத்துக்குப் பொருந்த மானிடால், பிஎச்சைப் பிடித்துவைக்க பாஸ்பேட், ஆக்சிஜனைத் தடுக்க சிஸ்டீன் என்று இந்தத் தயாரிப்பிலும் துணைப்பொருள்கள் உண்டு.

வெப்பத்தைத் தாங்கும் கரைசலை மூடி அடைத்த பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்பது அடிப்படை முறை. வெப்பம் தாங்காததை 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே செலுத்தி, கிருமியற்ற அறையில் அடைக்கிறார்கள். இங்கேதான் மாணவர்கள் வழுக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. கிருமி இறந்துவிட்டால் போதாது. பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற பைரோஜன் ஆட்டோகிளேவிலும் அழியாது, அந்த வடிகட்டியிலும் நிற்காது. கிருமியே இல்லாத பாட்டிலை ஏற்றியும் நோயாளிக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். காய்ச்சலைத் தணிக்க ஏற்றிய மருந்தே காய்ச்சலைக் கொண்டுவந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து எண்டோடாக்சினை எரிக்கலாம். தண்ணீரை அப்படி எரிக்க முடியாது. அதனால் அது வராமலே பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சி வடித்த ஊசிநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 அலகுக்கு மேல் எண்டோடாக்சின் இருக்கக் கூடாது. அதை அளக்கக் குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாறு பயன்படுகிறது. எண்டோடாக்சின் பட்டால் அந்தச் சாறு உறைந்துவிடும்.

கிருமிச் சோதனையின் வரம்பையும் ஒரு கணக்குக் காட்டிவிடும். நூற்றில் ஒரு பாட்டில் கெட்டிருக்கும் தொகுதியிலிருந்து 20 பாட்டில்களை எடுத்து, ஊட்டக் கரைசலில் 14 நாள் வைத்துப் பார்த்தாலும், அந்த இருபதும் நல்லவையாகவே அமைந்துவிட 82 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சோதனையில் தேறியது என்பதைவிட ஆட்டோகிளேவின் ஒவ்வொரு மூலையிலும் 121 டிகிரி எட்டியதற்கான பதிவுதான் வலுவான சான்று.

இந்தப் பாட்டிலில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை. இவ்வளவு பெரிய அளவு நரம்பில் போகும்போது பதப்பொருளே நஞ்சாகிவிடும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. ஆகவே ரப்பர் மூடியை ஊசி துளைத்த கணத்தோடு கிருமிப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பெரிய பாட்டிலில் குழந்தைக்குக் கொஞ்சம் எடுத்தபின் மீதியைக் கொட்டத்தான் வேண்டும்.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில் பத்து மடங்குப் பிழை நேர்ந்திருக்கிறது. பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2010இல் இதைப் பற்றி எச்சரித்தது. 5 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் வீதம் 37.5 மில்லிகிராம் எழுதப்படுகிறது. கரைசலின் செறிவு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆகவே ஏற்ற வேண்டியது 3.75 மில்லிலிட்டர். எண்ணை மட்டும் பார்த்து, அலகைப் பார்க்காமல் 37.5 மில்லிலிட்டர் ஏற்றினால் 375 மில்லிகிராம் போய்விடும். 100 மில்லிலிட்டர் பாட்டிலில் அதற்குத் தேவையான மருந்து இருக்கிறது என்பதால் பிழையைத் தடுக்க எதுவும் குறுக்கே நிற்காது. மருந்தாளுநர் லேபிளில் மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அந்த 3.75ஐ எடுக்க 5 மில்லிலிட்டர் சிரிஞ்சையும் கூடவே கொடுத்தனுப்புவது இதற்காகத்தான்: 37.5 மில்லிலிட்டர் அந்தச் சிரிஞ்சுக்குள் போகாது.